லாரி சரக்கு குறைந்து வந்தால் எல்.ஆரில் என்ன எழுதுவது?

"டைல்ஸ் 40 பெட்டியில் ரெண்டு குறையுது, மூணு நசுங்கியிருக்கு. டிரைவர் கையெழுத்து கேட்கிறார். போட்டால் கிளெய்ம் போயிடுமா?"

எல்.ஆர் என்கிற லாரி ரசீதில் கையெழுத்துப் போடலாம், ஆனால் குறிப்பு எழுதாமல் போடாதீர்கள். வெறும் கையெழுத்து இருந்தால் எல்லாம் சரியாக வந்தது என்றுதான் டிரான்ஸ்போர்ட்காரர்கள் காட்டுவார்கள், அதற்கப்புறம் மாற்றி நிரூபிக்கிற பாடு உங்களுடையது.

கையெழுத்துக்கு மேலேயே இப்படி எழுதுங்கள்: "40 பெட்டிக்கு 38 பெற்றேன், 2 குறைவு. 3 பெட்டி மூலை நசுங்கியுள்ளது, அசைத்தால் உடைந்த சில் சத்தம். பிரித்துப் பார்க்கவில்லை." தேதி, நேரம், லாரி எண் போட்டு, டிரைவர் கையெழுத்தும் வாங்குங்கள். அவர் கொண்டுபோகிற நகலிலும் உங்கள் நகலிலும் ஒரே வாசகம் இருக்க வேண்டும். நிறைய பேர் "சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள், எத்தனை, என்ன சேதம் என்று அதில் எதுவுமே இல்லையே! டிரைவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதையும் எழுதி, பெட்டிகளை லாரியில் இருக்கும்போதே எண் பலகை தெரிய போட்டோ எடுங்கள்.

அப்புறம் அன்றே டிரான்ஸ்போர்ட் அலுவலகத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ் போயிருந்தால்தான் வழக்கே போட முடியும். கணக்கு டெலிவரி நாளிலிருந்து இல்லை, கவனம். இன்சூரன்ஸ் இருந்தால் சர்வேயர் வரும்வரை உடைந்த பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள்.