மொட்டைக் கடிதத்தால் வந்த மாறுதல் ஆணை நீதிமன்றத்தில் நிற்குமா?

கேள்வி: "பெயரில்லாத புகார்க் கடிதம் ஒன்றை வைத்து, 'நிர்வாக நலன்' என்று சொல்லி என்னை 250 கிலோமீட்டர் தள்ளி மாற்றிவிட்டார்கள். மனைவியும் அரசு ஊழியர், மகள் ஏழாம் வகுப்பு. உயர் நீதிமன்றம் போனால் ஆணை ரத்தாகுமா? பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயருக்குப் பாதிப்பு வருமா?"

மனைவியின் வேலையையும் மகளின் படிப்பையும் மட்டும் நம்பி மனுப் போட வேண்டாம். தமிழக அரசு அலுவலகம் ஒன்றின் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இத்தகைய வழக்குகளில் மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் அரசுத் தரப்பின் பதிலைச் சொல்லும் பத்திவாரிக் குறிப்புரை எழுதியே பல ஆண்டுகள் கழிந்தன. குடும்பக் கஷ்டத்தை மட்டும் சொன்ன மனு வந்தால் எங்களுக்கு அரை மணி நேர வேலைதான். 1993-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த எஸ்.எல். அப்பாஸ் வழக்கை எடுத்துக் காட்டிவிடுவோம்.

அப்பாஸ் ஷில்லாங்கிலிருந்து பௌரிக்கு மாற்றப்பட்டவர். மனைவிக்கு ஷில்லாங்கிலேயே மத்திய அரசு வேலை, பிள்ளைகளுக்கும் அங்கேதான் படிப்பு. தீர்ப்பாயம் அவருக்கு ஆதரவாக ஆணையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கிவிட்டது. கணவன் மனைவியை ஒரே இடத்தில் அமர்த்தலாம் என்பது அரசின் வழிகாட்டுதல். அதை வைத்து உரிமை கொண்டாட முடியாது என்றது. யாரை எங்கே அமர்த்துவது என்பது நிர்வாகத்தின் முடிவு. தீய நோக்கமோ சட்ட விதி மீறலோ இருந்தால்தான் நீதிமன்றம் உள்ளே வரும்.

உங்கள் வழக்கின் உயிர் அந்த மொட்டைக் கடிதத்தில் இருக்கிறது. மத்திய கலால் துறையில் சோமேஷ் திவாரி என்ற அதிகாரி மீது இப்படித்தான் பெயரில்லாத புகார் வந்தது. விசாரித்தார்கள், புகார் நிரூபணமாகவில்லை. அப்படியும் அவரை போபாலிலிருந்து ஷில்லாங்குக்கு மாற்றினார்கள். தண்டனைக்குப் பதிலாகப் போடப்படும் மாறுதல் சட்டவிரோதம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

உங்கள் ஆணையை எடுத்து, 'பார்வை' என்ற தலைப்பின் கீழ் உள்ள வரிகளைப் படியுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஓர் உதவியாளரை மாற்றியபோது, ஆணையின் உடலில் 'நிர்வாக நலன் கருதி' என்றுதான் இருந்தது. பார்வையிலோ புகார்க் கடிதத்தின் நாளும் எண்ணும் பதிந்திருந்தன. நீதிபதி கோப்பைக் கேட்டார். அதிகாரிகள் தங்கள் கருத்தை எழுதும் குறிப்புப் பக்கத்தில் 'இவருக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும்' என்ற பொருளில் ஒரு வரி. அந்த ஆணையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வரியைப் படித்தபோது, குறிப்புரை எழுத வேண்டிய எனக்கே வெட்கமாக இருந்தது. உங்கள் ஆணையின் பார்வையில் எதுவும் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு.

ஆனால் கோப்பில் புகார் இருப்பதாலேயே வெற்றி உறுதி என்று எண்ணிவிடாதீர்கள். அலுவலகத்தில் ஒழுங்கு கெடுகிறது என்று முதல் நோக்கில் தோன்றினாலே போதும், முழு விசாரணை நடத்தாமல் மாற்றலாம் என்று ஜனார்த்தன் தேப்நாத் வழக்கில் 2004-இல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே புகாரை விசாரித்தார்களா, என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் உங்கள் வழக்கைத் தீர்மானிக்கும். வென்றாலும், புதிய காரணத்துடன் மறுபடி மாற்ற அரசுக்குத் தடை இருக்காது.

வழக்கு நடக்கும்போது பலர் செய்யும் தவறு, புதிய இடத்தில் சேராமல் மருத்துவ விடுப்பில் இருந்துகொள்வது. இதை எத்தனை பேரிடம் மன்றாடிச் சொல்லியிருக்கிறேன்! குஜராத் மின்வாரியத்தில் போஷானி என்பவர் சூரத்திலிருந்து உகாய்க்கு மாற்றப்பட்டும் போகவில்லை. வேலையே போயிற்று, 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. கோரிக்கை மனு கொடுத்திருப்பதோ வழக்குப் போட்டிருப்பதோ தடையாணை ஆகாது. விடுவிப்பு ஆணை வருவதற்கு முன்பே வழக்குத் தொடர முடிந்தால் நல்லது. உங்கள் இடத்தில் வேறொருவர் வந்து அமர்ந்துவிட்டால் இடைக்காலத் தடை கிடைப்பது மிகக் கடினம். அப்போது எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்துவிட்டுப் புதிய இடத்தில் சேருங்கள். சேர்ந்துவிட்டதால் வழக்குரிமை போகாது.

பதவி உயர்வு வேறு கணக்கு. உயர்வு கிடைத்தே தீர வேண்டும் என்று கேட்க முடியாது. ஆனால் உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படுவது அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு தரும் உரிமை. அதனால் மாறுதலில் தயங்கும் நீதிமன்றம் இதில் தயங்காது. புகார் நிலுவையில் இருக்கிறது, பூர்வாங்க விசாரணை நடக்கிறது என்பதற்காக உங்கள் பெயரை ஒதுக்கி வைக்கக் கூடாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை உங்கள் கையில் வந்த பிறகுதான் அப்படிச் செய்யலாம் என்று ஜானகிராமன் வழக்கில் 1991-இல் தீர்ப்பாயிற்று. அப்படி ஒரு குறிப்பாணை இதுவரை உங்களுக்கு வந்திருக்கிறதா, எந்த நாளில் வந்தது என்று எழுதுங்கள். பட்டியலைப் பற்றி அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.