மூன்று சரணத்தில் ஒரு குட்டிக் கதை

கேள்வி: பாட்டிலே ஒரு சின்னக் கதை சொல்ல ஆசை. மூணு சரணம்தான் இருக்கு. எழுதினா மூணுமே ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ற மாதிரி இருக்கு. தொடக்கம், திருப்பம், முடிவுன்னு எப்படிப் பிரிக்கிறது?

உங்கள் பாட்டின் இரண்டாம் சரணத்தையும் மூன்றாம் சரணத்தையும் இடம் மாற்றிப் பாடிப் பாருங்கள். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதில் கதை இல்லை, வர்ணனைதான் இருக்கிறது. சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. பல்லவி ஒரு உணர்ச்சியைச் சொல்லும், சரணங்கள் அதையே வேறு வேறு உவமையில் சொல்லும். காதல் பாட்டுக்கு அது போதும். கதைக்கு ஒவ்வொரு சரணத்திலும் ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும், அது அடுத்த சரணத்தில் நடப்பதற்குக் காரணமாகவும் இருக்க வேண்டும்.

நான் கும்மி மெட்டில் எழுதிய ஒன்றை வைத்தே சொல்கிறேன். ஒரு பெண் வளர்த்த ஆட்டுக்குட்டியின் கதை. பல்லவி கிடையாது. ஒவ்வொரு சரணத்தின் கடைசி அடியும் ஒரு கேள்வியும் பதிலும்.

தத்தித்தத்தி நடக்கையிலே தாயிழந்த செவலைக்குட்டி
புத்தகப்பை ஓரத்திலே புல்லொளிச்சுக் கொண்டுவந்தா
பத்தடிக்குத் தள்ளிநின்னா பதறிப்போய்க் கத்திடுமே
கயிறு யாரு கையிலே? கண்மணியின் கையிலே.

பள்ளிக்கூடம் தொறக்குமுன்னே பணத்துக்கு வழியில்லே
வெள்ளிச்சந்தைத் துண்டுக்குள்ளே வெரல்புடிச்சார் அப்பாவும்
தள்ளிநின்னு பாத்தவளோ தண்ணிகூடக் குடிக்கலியே
கயிறு யாரு கையிலே? கறிக்கடையார் கையிலே.

பாதிராத்திரி நேரத்திலே படலைமுட்டும் சத்தமொண்ணு
மீதிக்கயிறு தொங்கத்தொங்க மென்னுபுட்டு நின்னகுட்டி
சேதிசொல்லிப் பணங்கொடுக்கச் சேவல்கூவ நடந்தாரு
கயிறு எதுக்குக் கையிலே? கழட்டிப்போட்டார் வாசலிலே.

இதில் நான் முதலில் எழுதியது தத்தித்தத்தி அல்ல, மூன்று கடைசி அடிகளைத்தான். கயிறு முதலில் பெண்ணின் கையில், அப்புறம் கறிக்கடைக்காரர் கையில், கடைசியில் யார் கையிலும் இல்லை. இந்த மூன்று நிலையும் கிடைத்துவிட்டால் கதையின் எலும்பு கிடைத்துவிட்டது. மற்ற ஒன்பது அடிகளின் வேலை, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கேட்பவரைக் கொண்டுபோவது மட்டும்தான். அதனால் நீங்களும் திரும்பத் திரும்ப வரும் அடியை முதலில் முடிவு செய்யுங்கள். அது கேள்வியாக இருந்தால் வசதி, ஏனென்றால் மெட்டும் கேள்வியும் மாறாமல் பதில் மட்டும் மாறலாம். "வாழ்க்கை ஒரு பயணம்" மாதிரியான அடியை அங்கே வைத்தால் மூன்று தடவையும் ஒரே அர்த்தம்தான் வரும். அப்போது சரணங்களும் அதே இடத்தில் நின்றுவிடும்.

முதல் சரணத்தில் எதை வைப்பது, எதை விடுவது? பின்னால் தேவைப்படுவதை மட்டும் வையுங்கள். என் குட்டிக்குத் தாய் இல்லை, பத்தடி தள்ளி நின்றாலே கத்தும் என்று சொன்னது அழகுக்காக இல்லை. மூன்றாம் சரணத்தில் அது கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு திரும்பி வரப் போகிறது. இந்த அடி இல்லாவிட்டால் அந்த வருகை அதிசயம் மாதிரி இருக்கும், முன்பே சொல்லிவிட்டதால் "வரத்தானே செய்யும்" என்று தோன்றும். அந்தக் குட்டி என்ன நிறம், காதில் மணி உண்டா, அவள் என்ன பாவாடை கட்டியிருந்தாள் என்பதெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கும். மூன்றே அடி இருக்கிறது, பாருங்கள். செவலை என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டேன்.

திருப்பம்தான் பலரும் வழுக்கி விழும் இடம். திருப்பம் என்றால் திடீரென்று ஒரு விபத்து, ஒரு சாவு என்று நினைத்துவிடுகிறோம். வெளியிலிருந்து வந்து விழுகிற எதுவும் பாட்டில் எடுபடாது, அதை நம்பவைக்க இடம் கிடையாது. கதைக்குள் இருக்கும் ஒருவர், வேறு வழியில்லாமல் எடுக்கும் முடிவுதான் நல்ல திருப்பம். அதனால் இரண்டாம் சரணத்தின் முதல் அடியில் நெருக்கடி, இரண்டாம் அடியில் முடிவு, மூன்றாவதில் அது யாரைத் தொட்டது என்பது. ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லாமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசி முடிக்கும் வழக்கம் உண்டு. அதை மட்டும் காட்டினால் போதும், "விற்றுவிட்டார்" என்று சொல்லவே வேண்டாம். சந்தை வெள்ளிக்கிழமை என்பதும் யோசித்து வைத்ததுதான். கறிக்கடையில் வெட்டு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலைச் சந்தை என்று எழுதியிருந்தால், அன்று ராத்திரி குட்டி திரும்பி வரும் என்று எந்த ஊர்க்காரரும் நம்ப மாட்டார்.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். கேட்பவருக்குப் பக்கத்தைப் புரட்டித் திரும்பப் பார்க்கும் வசதி இல்லை. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு அடி பாடினால் பக்கப்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், "ஆமா" போடுவார்கள், கதை மண்டையில் இறங்க நேரம் கிடைக்கும். நாலு நிமிடப் பாட்டில் அது இல்லை. ஆகவே அடுத்தடுத்த சரணங்களின் முதல் ஒன்றிரண்டு சீரிலேயே காலம் மாறிவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடம் தொறக்குமுன்னே என்றதும் சில மாதம் போய்விட்டது தெரிகிறது. பாதிராத்திரி என்றதும் அதே நாள் என்று தெரிகிறது. நடுவில் வரும் இடையிசைதான் அந்த இடைவெளியை நிரப்பும், "காலம் ஓடியதே" என்று ஒரு அடியை வீணாக்க வேண்டியதில்லை.

யார் என்ன செய்தார் என்பதிலும் இதே கவனம் வேண்டும். நமக்கு வினைமுற்றே பாதி வேலையைச் செய்துவிடும். கொண்டுவந்தா என்றால் பெண், நடந்தாரு என்றால் பெரியவர். ஆனால் இந்தக் கதையில் இரண்டு ஆண்கள். அதனால் இரண்டாம் சரணத்தில் அப்பா என்று வெளிப்படையாகவே போட்டேன். மூன்றாவதில் பணம் கொடுக்க நடந்தாரு என்றதும் அது அப்பாதான் என்று புரிந்துவிடும், பணம் அவரிடம்தானே இருக்கிறது. நாலாவது ஆளை மட்டும் கொண்டுவராதீர்கள். அம்மாவையும் தரகரையும் சேர்த்துப் பார்த்தேன், மூன்றே அடியில் அவர்களுக்கு வேலை கொடுக்க முடியவில்லை, எடுத்துவிட்டேன்.

முடிவில், இரண்டாம் சரணத்தில் முடிவெடுத்தவரே மறுபடி ஏதாவது செய்ய வேண்டும். குட்டி வந்துவிட்டது, எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று நிறுத்தினால் அது குட்டியின் முடிவு, அப்பாவின் முடிவு இல்லை. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நடக்கிறார், அதோடு கயிற்றையும் கழற்றுகிறார். கேள்வியில் 'யாரு' போய் 'எதுக்கு' வந்திருப்பதையும் கவனித்திருப்பீர்கள். இரண்டு தடவை அப்படியே கேட்ட காதுக்கு, மூன்றாம் தடவை ஒரு சொல் மாறினாலே சுருக்கென்று பிடிபடும். இரண்டாம் சரணத்திலேயே அவசரப்பட்டு மாற்றிவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது.

எதுகை, மோனையைக் கடைசியில் பாருங்கள். பாதி, மீதி, சேதி என்று எதுகை அமைந்தது எனக்கு அதிர்ஷ்டம், ஆனால் எதுகைக்காக நிகழ்ச்சியை மாற்ற நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சந்தத்தில் ஒரு மாத்திரை கூடக்குறைய இருந்தால் பாடுகிறவர் இழுத்தோ முழுங்கியோ சமாளித்துவிடுவார். இசையமைப்பாளர் பல்லவி வேண்டும் என்று அடம்பிடித்தால், கேள்வியை மட்டும் பல்லவியாக்கி, பதிலைச் சரணத்தின் கடைசி அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.