தவணை கேட்டு வரும் மெசேஜ்: நினைவூட்டல் எது, மிரட்டல் எது?

திருப்பூர்: ஆப்ல கடன் எடுத்திருக்கேன். 5ஆம் தேதி தவணை தவறிடுச்சு. மூணு நாளா விதவிதமா மெசேஜ் வருது. எது கம்பெனி மெசேஜ், எது மிரட்டல்னு எப்படிப் பிரிக்கிறது?

மெசேஜின் கடுமையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் சரிபார்க்கக்கூடிய விவரம் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு மாதிரி: “xx4417 கணக்கின் தவணை ரூ.4,350, 5ஆம் தேதி வரவில்லை. ஆப்பில் செலுத்தவும்.” இது எவ்வளவு கறாராக இருந்தாலும் நினைவூட்டல்தான். கணக்கு எண், தொகை, தேதி, கட்டும் வழி நான்கும் இருக்கின்றன. கடன் வாங்கும்போது தந்த விவரத் தாளோடு ஒப்பிட்டால் தொகை பொருந்தும். “90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும்” என்று சேர்த்திருந்தால் அதுவும் உண்மைத் தகவல்தான்.

இன்னொன்று: “இன்று 4 மணிக்குள் 6,000 இந்த யுபிஐக்கு அனுப்பு. இல்லாவிட்டால் உன் காண்டாக்டில் இருக்கும் எல்லோருக்கும் உன் போட்டோ போகும்.” இதில் கணக்கு எண் இல்லை. தவணையை விட 1,650 ரூபாய் கூடுதல். அது எதற்கு என்ற கணக்கும் இல்லை. பணம் போகும் இடம் யாரோ ஒரு தனிநபரின் யுபிஐ. விவரம் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் ஆபீஸ், சொந்தக்காரர்கள், மணிக்கணக்கில் கெடு என்று மற்றவை வந்து உட்கார்ந்தால் அது மிரட்டல்.

டிஜிட்டல் கடனில் தவணை, கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். உங்கள் காண்டாக்ட் பட்டியலையும் போட்டோக்களையும் ஆப் தொடவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே அந்த 6,000ஐ அனுப்ப வேண்டாம். 4,350ஐ ஆப்பிலேயே கட்டுங்கள். கூடுதல் தொகைக்குக் கணக்கு கேட்டு எழுதுங்கள். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் உண்டு. ஆனால் அதை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட முடியாது.

சேலம்: கடன் கட்டாதது சிவில் விவகாரம், ஜெயில் கிடையாது. அந்த நம்பரையெல்லாம் பிளாக் பண்ணிட்டா போதும்தானே?

முன்பாதி பெரும்பாலும் சரி. கட்ட முடியாமல் போனது மட்டுமே குற்றமாகாது. “நாளைக்கு வாரண்ட்” என்று வாட்ஸப்பில் வருவதற்கு நீங்கள் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் கதை வேறு. அதற்கு எழுத்துப்பூர்வ நோட்டீஸ் வரும். கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் குற்ற வழக்கே போடலாம். வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் ஏறக்குறைய அதே சட்டம்தான்.

பிளாக் செய்தால் உண்மையான நோட்டீஸ் பற்றிய தகவலும் தவறிப்போகும், சாட்சியும் போய்விடும். ஒலியை மட்டும் அணைத்து வையுங்கள். நிறுவனத்தின் புகார் மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு தடவை இப்படி எழுதுங்கள்: “xx4417 கணக்கில் 4,350 நிலுவை உண்டு என்பதை அறிவேன். 20ஆம் தேதிக்குள் கட்டுகிறேன். இனி எழுத்தில் மட்டும் தொடர்பு கொள்ளவும். வசூல் ஏஜென்டின் பெயரையும் விவரத்தையும் அனுப்பவும்.” உங்களால் முடிகிற தேதியைத்தான் போட வேண்டும். அந்தத் தேதி தவறினால் உங்கள் அடுத்த கடிதத்துக்கு மதிப்பு இருக்காது.

விழுப்புரம்: எங்களுது மகளிர் குழுக் கடன். மெசேஜ் எல்லாம் கிடையாது. காலையில ஏழு மணிக்கே வாசல்ல வந்து உக்காந்துக்கிறாங்க, தெருவே பாக்குது. இதுக்கும் ஏதாவது இருக்கா?

இருக்கிறதும்மா. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொடர்பு கொள்ளக் கூடாது. வசூல் நடக்க வேண்டியது இரு தரப்பும் பேசி வைத்த பொது இடத்தில். அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு தடவை வராமல் போனால்தான் வீட்டுக்கே வரலாம். ஆகவே நோட்டில் முதலில் எழுத வேண்டியது, எந்தெந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள் என்பதுதான். பிறகு, வந்தவர் பெயர், அடையாள அட்டை காட்டினாரா, எத்தனை மணிக்கு வந்து எப்போது போனார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: ஒரு சேர்க்கை. 9 முதல் 6 வரை என்பது மைக்ரோ ஃபைனான்ஸுக்கு. மற்ற கடன்களுக்கு ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி காலை 8 முதல் மாலை 7 வரை. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, பேர் சொல்லாமல் அழைப்பது, பலர் முன் அவமானப்படுத்துவது மூன்றும் அதிலேயே தடை.

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. இரண்டையும் குழப்பிப் புகார் எழுதினால் நிறுவனம் அந்த ஓட்டையில்தான் நுழையும்.

மதுரை: எட்டு மணிக்கு மேல கூப்பிடலாம்னா ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எனக்கு 14 கால் வந்துச்சு.

அந்தச் சுற்றறிக்கை எண்ணிக்கை சொல்லவில்லை. விடாமல் அழைப்பது கூடாது என்றுதான் இருக்கிறது. 14 அதிகம் என்பது என் கருத்து. ஆனால் 5 அதிகமா என்று கேட்டால், புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரைப் பொறுத்தது. அதனால்தான் கால் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை அன்றன்றே எடுக்கச் சொல்கிறேன்.

தஞ்சாவூர்: நோட்டுல என்னதான் எழுதணும்? நான் எழுத ஆரம்பிச்சா அழுகைதான் வருது.

அதனால்தான் அவர்கள் சொன்னதை மட்டும், அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். இப்படி:

8ஆம் தேதி, காலை 7.22. கடைசி எண்கள் 309. ஆண் குரல், பெயர் சொல்லவில்லை. “உன் மாமனாருக்கு போன் போடட்டுமா?” நான்: “எழுத்தில் அனுப்புங்கள்.” 40 விநாடி.

8ஆம் தேதி, காலை 11.05. மாமனாருக்கு அதே எண்ணிலிருந்து அழைப்பு. அவர் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.

“கேவலமாகப் பேசினான்” என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. சொன்ன வார்த்தை, மணி, எண் மூன்றும் இருந்தால் முடியும். இந்த இரண்டே வரியில் நேரம் மீறியதும், குடும்பத்தாரைத் தொட்டதும் தெரிகிறது.

ஸ்கிரீன்ஷாட்டில் பலர் செய்யும் தவறு, அந்த எண்ணை “லோன் ஆள்” என்று சேமித்து வைப்பது. அப்போது படத்தில் பெயர்தான் விழும், எண் விழாது. சேமிக்காதீர்கள். சேமித்துவிட்டால் எண் தெரியும் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். அனுப்பியவரே மெசேஜை அழித்துவிடலாம். பதில் எழுதுவதற்கு முன் படம் எடுங்கள். பிறகு வாட்ஸப்பில் Export chat கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். மூல மெசேஜையும் போனில் அழிக்க வேண்டாம். வழக்கு என்று போனால் அதைத்தான் கேட்பார்கள். நீங்கள் திட்டிப் பதில் எழுதினால் அதுவும் அதே பதிவில் நிற்கும்.

கோவை: இப்படிப் பதிவு வச்சிருந்தா கடன் தள்ளுபடி ஆயிடுமா?

ஆகாது. கடன் தனி, அவர்கள் நடந்துகொண்ட விதம் தனி. பதிவு உதவுவது இரண்டாவதுக்கு. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு, தேதிவாரியான பட்டியலோடு புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போடலாம். சந்தேகம் இருந்தால் 14448ஐ அழையுங்கள். குறைதீர்ப்பாளரிடம் போக, நிறுவனத்துக்கு முதல் புகாரை அனுப்பியதற்கான அத்தாட்சி கட்டாயம் வேண்டும்.

போட்டோவை மாற்றி அனுப்பினாலோ, அனுப்புவேன் என்று பணம் கேட்டாலோ 30 நாள் காத்திருக்க வேண்டாம். அன்றே 1930க்கு அழைத்து, cybercrime.gov.in தளத்திலும் பதியுங்கள். கடன் கொடுத்தது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்றே சொல்லாத ஆப் என்றால் குறைதீர்ப்பாளரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அங்கே காவல்துறைதான் வழி.