சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைத் தூக்கி வச்சா கேஸ் முடிஞ்சுதா?

கேள்வி: செக் பவுன்ஸ் கேஸ்ல எதிர் பார்ட்டி வக்கீல் ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் ஒரு கேரளா ஹைகோர்ட் தீர்ப்பும் குடுத்துட்டார். இனி ஜெயிக்க வழியே இல்லையா?

நீங்க கடன் குடுத்தவர், கேஸ் தமிழ்நாட்டுல நடக்குதுன்னு வச்சுக்கிறேன். கேரளா தீர்ப்புக்கு ரொம்ப பயப்படாதீங்க. நம்ம மாஜிஸ்திரேட் அதைப் படிச்சு நியாயமா பட்டா எடுத்துக்கலாம், இல்லேன்னா விட்டுடலாம். அவரைக் கட்டுப்படுத்துறது மெட்ராஸ் ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும்தான்.

அந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புதான் விஷயம். எனக்கு இதே மாதிரி ஒரு தடவை பசலிங்கப்பா கேஸை (2019) தூக்கி வச்சாங்க. 6 லட்சம் கடன் குடுத்தேன்னு சொன்னவருக்கு அவ்வளவு வசதி இருந்துச்சான்னு கேட்டு, செக் குடுத்தவரை விடுதலை பண்ணின தீர்ப்பு. நான் ஜூனியர், பதட்டத்துல எழுந்து "அங்க 6 லட்சம், நம்ம கேஸ் வெறும் 3 லட்சம்"னு சொன்னேன். மாஜிஸ்திரேட் சிரிச்சுட்டு, "தொகை மாறினா சட்டம் மாறிடுமா?"ன்னு கேட்டார். இன்னும் காதுல கேக்குது.

அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி தீர்ப்போட ஆரம்பத்துல சுருக்கமா போட்டிருக்கிற ஹெட்நோட்டை மூடிட்டு முழு தீர்ப்பையும் படிச்சேன். கடன் குடுத்தவர் 1997லயே ரிட்டையர் ஆகி 8 லட்சம் வாங்கினவர், 2010ல நிலத்துக்காக இன்னொருத்தருக்கு நாலரை லட்சம் குடுத்திருக்கார், இதெல்லாம் அவரோட சாட்சியத்துலயே வந்திருக்கு. அப்போ 6 லட்சம் எங்கிருந்து வந்துச்சுன்னு சந்தேகம் கிளம்பினதுக்கு அப்புறமும் அவர் தன் வசதியைக் காட்டலை, அதனாலதான் தோத்தார். எங்க கேஸ்ல நாங்க அனுப்பின நோட்டீஸுக்கு ரிப்ளை நோட்டீஸே வரல, என் கட்சிக்காரரை குறுக்கு விசாரணை, அதாவது கிராஸ், பண்றப்ப வசதி பத்தி ஒரு கேள்வி கூட கேக்கலை, அதுக்கு மேல பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு காட்ட நகைக்கடன் ரசீது வேற இருந்துச்சு. அந்த தீர்ப்பு எந்தக் காரணத்து மேல நிக்குதோ அந்தக் காரணமே இங்க இல்லைன்னு சொன்னேன். கூடவே தேதி சிங் தீர்ப்பு (2022): ரிப்ளை நோட்டீஸ்ல அந்தப் பேச்சை எடுக்காத வரைக்கும், வசதியை ஆரம்பத்துலயே நிரூபிக்கணும்னு கடன் குடுத்தவர்கிட்ட எதிர்பார்க்க முடியாது. அதுவும் சுப்ரீம் கோர்ட்தான், அதுவும் கட்டுப்படுத்தும். மாஜிஸ்திரேட் ஏத்துக்கிட்டார்.

உடனே யாராவது சீனியர் வந்து "அதே தேதி சிங்ல, கிராஸ்லயும் வசதியைக் கேள்வி கேக்கலாம்னு இருக்கே"ன்னு சொல்வீங்க. தெரியும் சார், இருக்கு. கிராஸ்ல கேட்டு, என் கட்சிக்காரரும் முன்னுக்குப் பின் முரணா உளறியிருந்தா என் வாதம் நிக்காது. அதனால நீங்க முதல்ல கிராஸ்ல நீங்க சொன்னதைக் கோர்ட்ல பதிவு பண்ணின டெபாசிஷன் காப்பியை எடுத்து வரி வரியா பாருங்க. அந்தக் காப்பி வாங்கத்தான் எனக்கு மூணு வாரம் ஆச்சு, போட்ட மனுவே காணோம்னாங்க, அந்தக் கதையை எழுத ஆரம்பிச்சா இன்னொரு பதில் வேணும்.