முன்பணம், மீதி, தவணை: பணம் செலுத்தும் நிபந்தனைகளைத் தமிழில் எழுதுவது குறித்த கேள்வி பதில்

கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை வியாபாரிகளுக்குப் பல ஆண்டுகளாக ஆர்டர் கடிதங்களும் ஒப்பந்தங்களும் தமிழில் எழுதித் தருபவர் இங்கே பதில் அளிக்கிறார்.

சிவகாசி, அச்சக உரிமையாளர்: அட்வான்ஸுக்கு 'அச்சாரம்' என்று போடலாமா ஐயா? எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

பேச்சில் சொல்லலாம், ஒப்பந்தத்தில் வேண்டாம். அச்சாரம் என்றால் பேச்சை உறுதி செய்யக் கொடுக்கும் பணம் என்றும், வாங்குபவர் பின்வாங்கினால் அது திரும்பாது என்றும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பணம் என்பதோ விலையில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுப்பது. வழக்கு என்று வந்தால் எந்தச் சொல்லை எழுதினோம் என்பதை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை. அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் பார்க்கிறது. ஆகவே 'முன்பணம்' என்று எழுதி, ஆர்டரை ரத்து செய்தால் அது என்னாகும் என்பதைத் தனி வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

அதைவிட அதிகம் தகராறு தருவது வேறொன்று. துணியின் விலை 2,00,000 ரூபாய், வரி 5% என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,10,000 ரூபாய். 'முன்பணம் 40%' என்று மட்டும் எழுதினால், வாங்குபவர் வரி சேராத விலையில் கணக்கிட்டு 80,000 அனுப்புவார். விற்பவர் வரி சேர்த்து 84,000 எதிர்பார்ப்பார். 4,000 ரூபாய்க்காகச் சரக்கு ஏற்றுவது ஒரு வாரம் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 'வரி உட்பட மொத்தத் தொகையான 2,10,000 ரூபாயில் 40%, அதாவது 84,000 ரூபாயை, ஆர்டரை உறுதி செய்யும் நாளில் முன்பணமாகச் செலுத்த வேண்டும்' என்று எழுதினால் பேச்சே இல்லை.

கோவை, மொழிபெயர்ப்பாளர்: 'நெட் 30' என்பதை 'நிகர 30 நாட்கள்' என்று எழுதினேன். நெட் என்றால் நிகரம்தானே? வாடிக்கையாளர் புரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சொல் சரிதான், ஆனால் அதை நாட்களோடு ஒட்டிவிட்டீர்கள். அங்கே நிகரம் என்பது தொகையைக் குறிக்கிறது: கழிவு எதுவும் பிடிக்காமல் முழுத் தொகையையும் 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதே பொருள். 'பட்டியல் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள், கழிவு எதுவும் பிடிக்காமல் முழுத் தொகையையும் செலுத்த வேண்டும்' என்று எழுதுங்கள். நிகரம் என்ற சொல்லே அங்கு தேவைப்படாது.

'30 நாள் தவணை' என்று சுருக்கவும் வேண்டாம். தவணை என்றால் கெடு என்றும் பொருள் உண்டு, பிரித்துக் கட்டுவது என்றும் பொருள் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் அப்படி எழுதிக் கொடுத்த ஓர் ஆர்டரில், வாங்கியவர் பத்து நாளுக்கு ஒரு பங்காக மூன்று முறை அனுப்பினார். அவர் படித்த விதத்தில் தவறில்லை. தவறு என் சொல்லில் இருந்தது. அதன் பிறகு கெடுவைக் குறிக்கத் தவணை என்ற சொல்லை நான் எழுதுவதில்லை.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதும் முக்கியம். பட்டியல் மார்ச் 5 அன்று போடப்பட்டு, சரக்கு மார்ச் 9 அன்று வந்து சேர்ந்தால், பட்டியல் நாளை விட்டு எண்ணும்போது கெடு ஏப்ரல் 4; சரக்கு வந்த நாளை விட்டு எண்ணினால் ஏப்ரல் 8. பட்டியல் தேதியா, சரக்கு கைக்குக் கிடைத்த தேதியா என்பதை அந்த வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

திருப்பூர், தையல் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர்: எங்களிடம் வேலை கொடுப்பவர் 60 நாளில் பணம் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார். இதைத் தமிழில் எப்படி எழுதினால் எங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும்?

அம்மா, இது சொல்லால் தீரும் சிக்கல் அல்ல. உங்கள் யூனிட் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றிருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாட்களைத் தாண்டக் கூடாது. எண்ணிக்கை தொடங்குவது வேலை ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தர அவர் கடமைப்பட்டவர். ஆகவே 60 என்பதற்குப் பதிலாக, 'தைத்த துணி ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள்' என்று எழுதித் தரக் கேளுங்கள். அவர் மறுத்தால் வேலையை விடுவதா, ஏற்பதா என்பது உங்கள் கையில் இருக்கும் மற்ற ஆர்டர்களைப் பொறுத்தது. அதை நான் தீர்மானிக்க முடியாது.

ஈரோடு, ஜவுளிக் கடை: பேலன்ஸ், பாக்கி, மீதி, நிலுவை எல்லாம் ஒன்றுதானே? எதைப் போட்டால் என்ன?

கெடு வராத பணத்துக்கு 'மீதித் தொகை' என்றும், கெடு தாண்டிய பணத்துக்கு 'நிலுவை' என்றும் பிரித்துக்கொள்வது நல்லது. இன்னும் பத்து நாள் அவகாசம் உள்ளவருக்கு 'தங்கள் நிலுவை' என்று கடிதம் போனால், கடன்காரர் ஆக்கிவிட்டார்களே என்று அவர் மனம் நோகும். பாக்கி பேச்சுக்குப் போதும்.

அதே கடையிலிருந்து இன்னொருவர்: பார்ட் பேமெண்ட் வாங்கும்போது ரசீதில் 'பைசல்' என்று போட்டுப் பழக்கம். பணம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். பைசல் என்றால் கணக்குத் தீர்ந்தது என்று பொருள். 1,26,000 ரூபாயில் 50,000 மட்டும் வாங்கிக்கொண்டு அப்படி எழுதினால், பாக்கி 76,000-ஐத் தள்ளுபடி செய்துவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும். 'பட்டியல் எண் 118-க்குரிய மீதித் தொகையில் ஒரு பகுதியாக 50,000 ரூபாய் பெற்றுக்கொண்டோம். இன்னும் வரவேண்டியது 76,000 ரூபாய்' என்று எழுதுங்கள். பட்டியல் எண்ணையும் கட்டாயம் எழுத வேண்டும். பழைய பட்டியலும் புதிய பட்டியலும் இருக்கும்போது எதற்கு வரவு வைத்தீர்கள் என்ற கேள்வி பின்னால் எழும்.

பணம் கொடுத்தவரிடமும் அதே வாசகத்தில் கையெழுத்து வாங்குங்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, வழக்குத் தொடரச் சட்டம் தரும் காலம் முடிவதற்குள் பகுதித் தொகை கொடுத்து, அதை அவர் தம் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ ஒப்புக்கொண்டால், வழக்குத் தொடரும் காலம் அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும். வெறும் வங்கி வரவு மட்டும் இருந்தால் இதே பலன் கிடைக்குமா என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

யாழ்ப்பாணம், கணக்காளர்: இங்கே நாங்கள் 'முற்பணம்' என்றுதான் எழுதுவோம். தமிழ்நாட்டு வாங்குபவருக்கு அது பிழையாகத் தெரியுமா?

பிழையாகத் தெரியாது, உடனே புரியும். ஒரே ஆவணத்தில் முற்பணமும் முன்பணமும் கலந்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சிவகாசி, அச்சக உரிமையாளர்: எல்லாம் சரி ஐயா. ஆனால் எங்கள் பில்லில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. இவ்வளவு நீள வாக்கியத்தை எங்கே போடுவது?

நீள வாக்கியம் ஆர்டர் கடிதத்தில் இருக்கட்டும். பட்டியலில் நாட்களைச் சொல்லாமல் தேதியைச் சொல்லுங்கள்: 'மீதி ரூ. 1,26,000. செலுத்த வேண்டிய கடைசி நாள் 04-04-2025.' எண்ணும் வேலையை வாங்குபவரிடம் விட்டால்தான் எங்கிருந்து எண்ணுவது என்ற தகராறு வரும். கடிதத்தில் உள்ள நாள் கணக்கும் பட்டியலில் உள்ள தேதியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை மட்டும் சரக்கு கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.