கேனில் தானாகத் திரிந்த பால் தயிர் ஆகாது

கேள்வி: ஐயா, நான்கு மாடுகள் வைத்திருக்கிறேன். நேற்று மாலை கறந்த பாலில் ஆறு லிட்டரைக் காய்ச்ச முடியாமல் கேனிலேயே வைத்துவிட்டோம். காலையில் பார்த்தால் கட்டியாகி மேலே மிதக்கிறது, நடுவில் குமிழ்கள் வேறு. புளிப்பு வாடை அடிக்கிறது. "தயிர்தானே, கடைந்துவிடலாம்" என்கிறார் மாமியார். எனக்குப் பயமாக இருக்கிறது. குடிக்கலாமா, இல்லை கன்றுக்காவது ஊற்றலாமா? ஒரு மாட்டுக்கு மடிநோய்க்காக மூன்று நாள் முன்பு மடியில் மருந்து ஏற்றினார்கள். அந்தப் பாலும் இதில் கலந்திருக்கிறது. கேனில் சமையல் சோடா போட்டால் பால் கெடாது என்கிறார் தீவனக் கடைக்காரர். போடலாமா?

பதில்: அம்மா, அந்த ஆறு லிட்டரையும் குடிக்கவும் வேண்டாம், கடையவும் வேண்டாம், கன்றுக்கு ஊற்றவும் வேண்டாம். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி ஒரு குழி வெட்டி, வைக்கோலும் சாணமும் கலந்து மூடிவிடுங்கள்.

மாமியார் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. தயிரானாலும் சரி, புளித்துப்போன பாலானாலும் சரி, பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக்குவதால்தான் பால் கட்டியாகிறது. கறந்த பாலின் பிஎச் 6.6 முதல் 6.8 வரை இருக்கும். அது 4.6 வாக்கில் இறங்கும்போது பால் உறைந்துவிடும். ஆனால் அமிலத்தை யார் உண்டாக்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம். தயிர் போடும்போது பாலைக் காய்ச்சி, முன்னால் இருந்த கூட்டத்தை விரட்டிவிட்டு, நல்ல உறையை அதிக எண்ணிக்கையில் உள்ளே விடுகிறோம். அது வேகமாகப் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காய்ச்சாத கேனில் மடி, கை, சாணம், கேனின் இடுக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவை போட்டி போடுகின்றன. எது முந்தியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உங்கள் கேனில் முந்தியது எது என்று மட்டும் என்னால் ஊகிக்க முடிகிறது. கட்டி மேலே மிதக்கிறது, குமிழ் இருக்கிறது என்றால் உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது. நல்ல தயிர் உறைகள் அப்படி வாயு விடுவதில்லை. சாணத்தோடு வரும் கோலிபார்ம் வகையும் ஈஸ்டும்தான் விடும். இதற்கு மடியில் ஏற்றிய மருந்தே துணைபோயிருக்கலாம். பென்சிலின் வகை மருந்துகள் தயிர் உறையைத்தான் முதலில் அடக்கும். கோலிபார்ம் அவற்றுக்குச் சுலபமாகப் பணியாது, ஈஸ்டை அவை தொடுவதே இல்லை. காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைத்த மாதிரிதான்.

"நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். மடிநோயை உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் கொதியில் செத்துவிடும். ஆனால் அது முன்பே பாலில் விட்டுவைத்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. மருந்து மிச்சமும் வீட்டுக் கொதியில் முழுதாகப் போய்விடாது. கன்றுக்கும் இதே ஆபத்துதான், கழிச்சல் தனி. கன்றுக்குப் புளித்த பால் கொடுப்பது தவறில்லை. நோயில்லாத, மருந்து ஏற்றாத மாட்டின் சுத்தமான சீம்பாலைப் புளிக்க வைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டுமென்றே செய்வது. இது நடந்துபோனது.

காய்ச்சின பால் கெடுவது வேறு மாதிரி. காய்ச்சும்போது புளிக்க வைக்கும் கூட்டம் செத்துப்போகிறது, ஆனால் பேசில்லஸ் வகையின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பாலை உறை விடாமல் வெளியில் வைத்தால், பல நேரம் புளிக்காமலேயே திரியும். நாக்கில் கசப்போ அழுகல் வாடையோ தெரியும். "புளிக்கவில்லையே, நல்லாத்தான் இருக்கும்" என்று ஏமாந்துபோவது இங்கேதான். புளிப்பில்லாமல் திரிந்த பாலைக் கண்டு நான் புளித்த பாலைவிட அதிகமாகப் பயப்படுவேன், ஏனென்றால் தீயவற்றைத் தடுக்க அதில் அமிலம்கூட இல்லை. குளிர்பெட்டியில் பல நாள் கிடந்து கசந்த பாலையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல தயிர் சீராக உறைந்திருக்கும், கட்டிக்குள் ஓட்டை இருக்காது. மேலே நிற்கும் தண்ணீர் தெளிவாக, லேசான பச்சை மஞ்சளாக இருக்கும். அதிகம் புளித்துவிட்டாலும் அது வெறும் புளிப்புதான், சமையலுக்கு ஆகும். கரண்டியில் நூல் மாதிரி இழுபட்டாலோ, இளஞ்சிவப்பு, நீலம், பூஞ்சை ஏதாவது தெரிந்தாலோ அதை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இனி சோடா. இதைச் சொல்கிற கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. சோடா ஒரு நுண்ணுயிரையும் கொல்லாது. உண்டான அமிலத்தை மட்டும் மறைக்கும். மூக்குக்கும் நாக்குக்கும் இருந்த ஒரே எச்சரிக்கையை அழித்துவிட்டு, பிஎச்சையும் மேலே ஏற்றி, உள்ளே இருப்பவை இன்னும் வசதியாகப் பெருக இடம் கொடுக்கிறது. வாங்குகிறவரை ஏமாற்றும் கலப்படமும் அதுதான். "பால் கெடாத பொடி" என்று பெயர் சொல்லாமல் பொட்டலத்தில் விற்பதையும் கேனுக்கு அருகில் கொண்டுவராதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, பால் ஏன் ஒரே இரவில் இந்த நிலைக்கு வந்தது என்பதை. கறந்த இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரி செல்சியஸுக்கு ஆற்ற வசதி இல்லை என்றால், அந்தப் பாலை இரவு தங்க விடாதீர்கள். நேரம் இல்லாவிட்டாலும் காய்ச்சியே ஆக வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரி வாக்கில் ஆறியதும், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி புதுத் தயிரைக் கலந்து மூடி வையுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் உறையும். ஆற்ற முடியாத பாலை நாமே புளிக்க வைத்துவிட வேண்டும், தானாகப் புளிக்க விடக்கூடாது. இருபது வருடமாக நான் பிடிவாதமாகச் சொல்லி வருவது இதுதான்.

அடுத்தது கேன். பால் ஊற்றியெடுத்தவுடன் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் அலச வேண்டும். நேராகச் சுடுதண்ணீரை ஊற்றினால் பால் புரதம் சுவரில் வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சோப்புத்தூள் கலந்த சுடுதண்ணீரில் தூரிகை போட்டு, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேய்த்து, அலசிக் கவிழ்த்துக் காய வையுங்கள். உள்ளே விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி சொரசொரப்பு தட்டுப்படுகிறதா? அது பால்கல். அது இருக்கிற வரை எந்தப் பாலும் அந்தக் கேனில் நிற்காது. கீறல் விழுந்த பிளாஸ்டிக் கேனை மாற்றிவிடுங்கள்.

மருந்து ஏற்றிய மாட்டின் பாலை அட்டையில் போட்டிருக்கும் விலக்கு நாள் முடியும் வரை தனியாகக் கறந்து கொட்ட வேண்டும். நாள் கணக்கு கடைசி ஊசியிலிருந்து தொடங்கும், முதல் ஊசியிலிருந்து இல்லை. அட்டை தொலைந்திருந்தால் மருந்து ஏற்றிய கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நாள் முடிந்த பிறகும் ஒரு சோதனை செய்யலாம். நான்கு மாட்டுப் பாலையும் தனித்தனி டம்ளரில் காய்ச்சி ஆற்றி, ஒரே உறையை ஒரே அளவில் விட்டுப் பாருங்கள். மற்ற மூன்றும் உறைந்து அது மட்டும் நீராக நின்றால், மருந்து இன்னும் மிச்சம் இருக்கலாம், இல்லை மடிநோய் தீரவில்லை. உறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மருந்து போய்விட்டதாக முடிவு கட்டாதீர்கள், குறைந்த அளவு மிச்சம் இருந்தாலும் தயிர் உறையும். நான்கு டம்ளரும் எப்படி வந்தன என்று எழுதுங்கள்.