வட்டி இல்லை என்றார்கள், தவணைக் கணக்கில் வட்டி வந்தது

கேள்வி: கிரெடிட் கார்டில் 1,20,000 ரூபாய்க்கு வீட்டுச் சாமான்கள் வாங்கினேன். இரண்டு நாள் கழித்து வங்கியிலிருந்து பேசிய பெண், 12 மாதத் தவணையாக மாற்றித் தருவதாகவும் வட்டி கிடையாது என்றும் சொன்னார். ஓடிபி கொடுத்தேன். பில்லில் தவணை 10,831, செயலாக்கக் கட்டணம் 1,200 என்று இருந்தது. நான் ஒப்புக்கொண்ட 10,000 மட்டுமே தவணைக்காகக் கட்டுவது என்று முடிவு செய்து, மற்ற செலவுகளோடு சேர்த்து மூன்று மாதமாக அப்படியே கட்டி வருகிறேன். இப்போது நிதிக் கட்டணம் என்று புதிதாக ஒன்றும் சேர்ந்து வருகிறது. வாடிக்கையாளர் சேவையில் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள். ஏமாற்றியதற்காக வழக்குப் போட முடியுமா?

பதில்: வாடிக்கையாளர் சேவையில் எப்படிப் பேசினார்கள் என்பது உங்கள் வழக்குக்கு உதவாது. கட்டணம் நியாயமானதா என்பதும் இங்கே பெரிய கேள்வி இல்லை. ஓடிபி எண்ணைச் சொல்வதற்கு முன்னால் வட்டி விகிதமும் கட்டணமும் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டனவா என்ற ஒன்றைத்தான் எந்த மன்றமும் முதலில் பார்க்கும். அதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று, அந்தத் தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவு. அது வங்கியிடம் இருக்கிறது. மற்றொன்று உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. ஓடிபி வந்த குறுஞ்செய்தியையும், அதை ஒட்டி வந்த உறுதிச் செய்தியையும் எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். விகிதமும் கட்டணமும் ஓடிபி வந்த அந்தச் செய்தியிலேயே எழுதப்பட்டிருந்தால், வாய்மொழியாக வேறு சொன்னார்கள் என்ற வாதம் பெரிதும் மெலிந்துவிடும். மாற்றம் முடிந்த பிறகு வந்த செய்தியில்தான் முதன்முறையாகத் தெரிவித்தார்கள் என்றால் உங்கள் பக்கம் வலு உண்டு. ஆனால் அந்த வலு, மூன்று பில்கள் வந்த பின்னும் எழுத்தில் ஒரு மறுப்புக்கூட அனுப்பாமல் இருந்ததால் ஏற்கெனவே கொஞ்சம் கரைந்திருக்கிறது. தொலைபேசியில் சண்டை போட்டது எழுத்துப்பூர்வமான மறுப்பு ஆகாது.

உண்மையான ஆபத்து நீங்கள் குறைத்துக் கட்டியதில் இருக்கிறது. என்னிடம் வரும் பலர் இதே குழியில் விழுந்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்கள் இழந்த பணத்தில் பெரும்பங்கு வங்கி முதலில் கேட்ட கட்டணத்தால் போனதில்லை, அதை எதிர்த்த விதத்தால் போனது.

முதல் பில்லையே எடுத்துக்கொள்வோம். தவணை 10,831, கட்டணம் 1,200, அந்த மாதத்து மற்றச் செலவுகள் 28,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 40,031. நீங்கள் 38,000 கட்டியிருப்பீர்கள். பிரச்சினைக்குரிய கட்டணத்தையும் வட்டியையும் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பது உங்கள் மனக்கணக்கு. வங்கியின் ஏட்டில் அப்படி இல்லை. கட்டப்படும் பணம் எந்த வரிசையில் வரவு வைக்கப்படும் என்பதை அட்டை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது, பெரும்பாலான ஒப்பந்தங்களில் கட்டணமும் தவணையும் முதலில் கழியும், பொருள் வாங்கிய தொகை கடைசியில்தான் கழியும். ஆகவே நீங்கள் எதிர்க்கும் அந்த 1,200 முதலிலேயே கட்டப்பட்டுவிட்டது. நிலுவையாக நிற்கும் 2,031 ரூபாய், நீங்கள் எந்தத் தகராறும் இல்லாமல் வாங்கிய மற்றப் பொருள்களின் விலை.

இதன் விளைவுதான் அந்த நிதிக் கட்டணம். பில்லை முழுமையாகக் கட்டாதவருக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது என்பது அட்டை ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. அப்போது வட்டி, மீதமுள்ள 2,031க்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை; பல ஒப்பந்தங்களில் அந்த 28,000க்கும் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. மாதம் 3.5 சதவீதம் என்ற விகிதத்தில், வாங்கிய நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் சராசரியாக 35 நாள் இடைவெளி இருந்தால், அது ஏறத்தாழ 1,140 ரூபாய். நீங்கள் எதிர்த்த கட்டணத்துக்கு இணையான தொகை ஒரே மாதத்தில் போய்விட்டது. நிலுவை முழுதும் தீரும்வரை புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டி வந்ததால் தாமதக் கட்டணம் விழவில்லை, அதனாலேயே இது இத்தனை நாள் உங்கள் கண்ணில் படவில்லை.

எனவே இன்றே கடைசி பில்லின் மொத்தத் தொகையையும் கட்டிவிடுங்கள். கட்டுவது ஒப்புக்கொள்வது ஆகிவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டும் அன்றே, ‘வட்டியையும் செயலாக்கக் கட்டணத்தையும் ஏற்கவில்லை, உரிமைக்குப் பாதகமின்றி, எதிர்ப்புடன் செலுத்துகிறேன்’ என்று குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அது ஒப்புக்கொண்டதாக ஆகாது. அதே கடிதத்தில் உரையாடலின் தேதியைக் குறிப்பிட்டு, ஒலிப்பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும், அதன் பிரதியைத் தர வேண்டும் என்றும் கேளுங்கள். ஒலிப்பதிவுகள் என்றென்றும் வைக்கப்படுவதில்லை. கேட்டும் தராமல் விட்டால் அதுவே பின்னால் உங்களுக்குச் சாதகமாகும்.

இனி வழக்கின் மதிப்பைப் பார்ப்போம். உங்கள் தவணை, ஆண்டுக்கு 15 சதவீதம் குறையும் நிலுவை வட்டியில் வரும் தொகை. முழுக் காலத்துக்கும் வட்டி 9,972. கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால் உண்மையான செலவு ஏறத்தாழ 17 சதவீதத்துக்கு நிகராகிறது. மூன்று தவணைகளில் இதுவரை சென்ற வட்டி 4,149. கட்டணத்தையும் சேர்த்தால் 5,349. வரியைச் சேர்க்காமல், உங்கள் முழு வெற்றி என்பது இதுவரைக்கும் இவ்வளவுதான். இதற்காக வருடக்கணக்கில் மன்றத்துக்கு நடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சமரசமாக முடித்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. அசல் நிலுவை இப்போது 91,656. இதை முன்கூட்டியே அடைத்தால் 3 சதவீதம், அதாவது 2,750 கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மீதி ஒன்பது மாத வட்டியான 5,823 மிச்சமாகும். நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: முன்னடைப்புக் கட்டணம் வேண்டாம், செயலாக்கக் கட்டணம் 1,200ஐத் திரும்ப வரவு வையுங்கள், அசல் முழுவதையும் இப்போதே கட்டுகிறேன். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிய கடிதம் கையில் இருக்கும்போது, இந்த அளவுக்கு இறங்கி வருவது வங்கிக்கும் இலாபமே. அசலைக் கட்டும் வசதி இப்போது இல்லையென்றால், கட்டணத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டு தவணையை ஒழுங்காகத் தொடருங்கள்.

ஒரு சொல்லில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ‘செட்டில்மென்ட்’ என்ற பெயரில் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். வங்கி தனக்கு வர வேண்டியதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்ததாகப் பதிவு செய்தால், கடன் வரலாற்று அறிக்கையில் அந்தக் கணக்கு ‘செட்டில்டு’ என்று நிற்கும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது, முழுதும் கட்ட முடியாமல் போனவர் என்றே அதைப் படிப்பார்கள். 1,200 ரூபாய்க்காக வாதாடி இந்தக் குறிப்பைச் சுமந்துகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை நீக்க அவர்கள் பட்ட பாடு பெரிது. உங்களுக்கு வேண்டியது கட்டணத்தைத் திரும்ப வரவு வைத்த பதிவும், தவணைக் கடன் முழுமையாக அடைக்கப்பட்டு ‘குளோஸ்டு’ ஆனது என்ற கடிதமும். அடைத்த பிறகு வரும் அடுத்த இரண்டு பில்களையும் வரி வரியாகப் பாருங்கள். முந்தைய நிலுவைக்கான வட்டியின் எச்சம் ஒரு மாதம் தள்ளி வருவது உண்டு. அது சிறு தொகையாக இருந்தாலும் முழுதும் கட்டிவிட்டு, அதன்பின் கேள்வி எழுப்புங்கள்.